பிடித்த பணமும் போட வேண்டிய பணமும்

சம்பளப் பட்டியலில் இரண்டு வகைப் பணம் கலந்து கிடக்கிறது. ஒன்று, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்தது. மற்றொன்று, முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது. இரண்டும் ஒரே சலானில், ஒரே தேதியில் அரசுக்குப் போவதால் பல பட்டறைகளில் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கணக்கிலும் சட்டத்திலும் இவை வேறு வேறு. மாதக் கடைசி நாளில் போடும் இரண்டு குறிப்பேட்டுப் பதிவுகளைப் புரிந்துகொண்டால் அந்த வேறுபாடு தெளிவாகிவிடும்.

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 பேர். தொழிலாளர்கள் 20 பேருக்குத் தலைக்கு மாதம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, வீட்டு வாடகைப்படி 4,000. சூப்பர்வைசர்கள் மூன்று பேருக்குத் தலைக்கு 30,000. மேலாளர் ஒருவருக்கு ஒரு லட்சம். ஆக மாதச் சம்பளம் 5,50,000 ரூபாய். மாதம் 2024 நவம்பர். சம்பளம் கைக்குப் போவது டிசம்பர் 5-ஆம் தேதி. கீழே வரும் விகிதங்கள், வரம்புகள், சட்டப் பிரிவுகள் எல்லாம் அந்த 2024-25 கணக்காண்டில் இருந்தபடியே.

முதலில் பிடித்தங்களைப் பார்ப்போம். வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பி.எஃப்.க்கு, தொழிலாளியின் பங்கு 12 சதவீதம். வீட்டு வாடகைப்படி இந்தக் கணக்கில் சேராது என்பதால் 14,000-க்குத்தான் 12 சதவீதம். தலைக்கு 1,680 ரூபாய். சூப்பர்வைசர்களுக்கும் மேலாளருக்கும் சட்டத்தின் உச்சவரம்பான 15,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்வது இந்த நிறுவனத்தின் வழக்கம். அவர்களுக்குத் தலைக்கு 1,800. கூட்டினால் பி.எஃப். பிடித்தம் 40,800.

இ.எஸ்.ஐ. கணக்கு வேறு. அதில் வீட்டு வாடகைப்படியும் சேரும். ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் மட்டுமே வருவார்கள். எனவே சூப்பர்வைசர்களும் மேலாளரும் வெளியே. 20 தொழிலாளர்களுக்கும் 18,000-க்கு 0.75 சதவீதம், தலைக்கு 135 ரூபாய், மொத்தம் 2,700.

வருமான வரி மேலாளருக்கு மட்டும். புதிய வரி முறையில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 12 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 11,25,000. அதற்கு வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து ஆண்டுக்கு 71,500. பன்னிரண்டாக வகுத்தால் மாதம் 5,958. இதுதான் டி.டி.எஸ்.

இன்னொரு பிடித்தமும் உண்டு. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. பத்துத் தொழிலாளர்கள் பண்டிகை முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். மாதம் தலைக்கு ஆயிரம் ரூபாய் பிடித்தம். அதில் 10,000.

இந்த நான்கையும் கழித்தால் டிசம்பர் 5-ஆம் தேதி வங்கியிலிருந்து போகப்போவது 4,90,542 ரூபாய்.

முதல் பதிவு

நவம்பர் 30-ஆம் தேதி வங்கியிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. ஆனாலும் அன்றைக்கே பதிவு போட வேண்டும். உழைப்பு நவம்பரில் கிடைத்துவிட்டது; அந்த உழைப்பில் செய்த பாகங்கள் நவம்பர் விற்பனையில் போயிருக்கின்றன. வருமானம் நவம்பரிலும் அதற்கான கூலி டிசம்பரிலும் வந்தால் இரண்டு மாத லாபமும் பொய்யாகிவிடும். அதனால் இப்படி எழுதுகிறோம்:

30.11.2024
சம்பளக் கணக்கு – பற்று 5,50,000
கொடுபட வேண்டிய பி.எஃப். (தொழிலாளர் பங்கு) – வரவு 40,800
கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் பங்கு) – வரவு 2,700
கட்ட வேண்டிய டி.டி.எஸ். – வரவு 5,958
ஊழியர் முன்பணம் – வரவு 10,000
கொடுபட வேண்டிய சம்பளம் – வரவு 4,90,542

செலவு என்று பற்று வைத்திருப்பது முழுச் சம்பளம் 5,50,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ., வரி எதுவும் இந்தப் பதிவில் தனிச் செலவாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை எல்லாம் அந்த ஐந்தரை லட்சத்துக்குள்ளேயே இருப்பவை. கம்பெனி தரவேண்டிய தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருக்குத் தரவேண்டும் என்பதுதான் பிரிந்திருக்கிறது. தொழிலாளிக்குத் தரவேண்டியதில் ஒரு பகுதியை அவர் சார்பில் பி.எஃப். அலுவலகத்துக்கும், ஒரு பகுதியை இ.எஸ்.ஐ. கழகத்துக்கும், ஒரு பகுதியை வருமான வரித் துறைக்கும் தருகிறோம்.

முன்பணம் மட்டும் வேறு ஜாதி. அது கம்பெனி ஏற்கெனவே கொடுத்த பணம். ஐந்தொகையில் சொத்துப் பக்கம் நிற்பது. அதைத் திரும்பப் பிடிக்கும்போது யாருக்கும் புதிதாகக் கடன் ஏற்படுவதில்லை, சொத்துதான் குறைகிறது. சம்பளச் சீட்டில் ‘பிடித்தங்கள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வருவதால் இதையும் ‘கொடுபட வேண்டியவை’ பட்டியலில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் தள்ளினால் யாரும் கேட்டு வராத ஒரு கடன் பேரேட்டில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.

தொழில்வரி ஏன் இந்தப் பதிவில் இல்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-க்கு மேல் போனால் 1,250 ரூபாய். நம் 24 பேருமே அந்த வரம்பைத் தாண்டியவர்கள். இந்த நிறுவனம் அதை ஜனவரிச் சம்பளத்தில் ஒரே தடவையாகப் பிடிக்கிறது. அது ஊழியர் கட்ட வேண்டிய வரி. கம்பெனியின் செலவு அல்ல. பிடிக்காத மாதத்தில் அதற்குப் பதிவும் கிடையாது. ஜனவரி 31-இல் பிடிக்கும்போது ‘கொடுபட வேண்டிய தொழில்வரி’ என்று 30,000 வரவு வைத்தால் போதும்.

இரண்டாவது பதிவு

இனி முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது. பி.எஃப்.பில் அவர் பங்கும் 12 சதவீதம்தான், அதுவும் 40,800. அந்த 12 சதவீதத்தில் ஒரு பகுதி ஓய்வூதிய நிதிக்கும் மீதி வைப்பு நிதிக்கும் பிரிந்து போகிறது என்றாலும் கம்பெனிக் கணக்குக்கு அது ஒரே செலவுதான். இதோடு ஊழியர் காப்புறுதிக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் மொத்தம் 3,40,000 என்பதால் இவை ஒவ்வொன்றும் 1,700. ஆக முதலாளியின் பி.எஃப். சுமை 44,200. இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 3.25 சதவீதம், 3,60,000-க்கு 11,700.

30.11.2024
பி.எஃப். நிறுவனப் பங்கும் கட்டணங்களும் – பற்று 44,200
இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு – பற்று 11,700
கொடுபட வேண்டிய பி.எஃப். (நிறுவனப் பங்கு) – வரவு 44,200
கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ. (நிறுவனப் பங்கு) – வரவு 11,700

இந்த 55,900 ரூபாய் சம்பளச் சீட்டில் எங்கும் தெரியாது. ஊழியருக்கும் தெரியாது, சம்பளம் போட்ட அன்று முதலாளிக்கும் பல நேரம் உறைப்பதில்லை. நவம்பர் மாத உழைப்புக்கு இந்த நிறுவனம் உண்மையில் செலவழித்தது ஐந்தரை லட்சம் அல்ல, 6,05,900. ஒரு பாகத்துக்கு விலை சொல்லும்போது ஐந்தரை லட்சத்தை வைத்துக் கூலிக் கணக்குப் போட்டால், தலைக்கு 18,000 வாங்கும் தொழிலாளி ஒருவருக்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்து 2,405 ரூபாய் விட்டுப்போகும்.

பணம் போகும்போது வரும் பதிவுகளில் சிக்கல் எதுவும் இல்லை. டிசம்பர் 5-இல் கொடுபட வேண்டிய சம்பளத்தைப் பற்று வைத்து வங்கியை வரவு வைக்க வேண்டும், 4,90,542. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15. அந்த டிசம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுக்கு அடுத்த நாள் கட்டலாமா என்று வாதாடப் போகாமல் 13-ஆம் தேதி வெள்ளியன்றே கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

13.12.2024
கொடுபட வேண்டிய பி.எஃப். (தொழிலாளர் பங்கு) – பற்று 40,800
கொடுபட வேண்டிய பி.எஃப். (நிறுவனப் பங்கு) – பற்று 44,200
கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் பங்கு) – பற்று 2,700
கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ. (நிறுவனப் பங்கு) – பற்று 11,700
வங்கி (பி.எஃப். சலான்) – வரவு 85,000
வங்கி (இ.எஸ்.ஐ. சலான்) – வரவு 14,400

இதில் ஒரு ரூபாய்கூட டிசம்பர் செலவு அல்ல. நவம்பரில் ஏற்றுக்கொண்ட கடனை அடைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

டி.டி.எஸ். தேதியில் ஒரு குழப்பம்

சம்பளத்தின் மீதான டி.டி.எஸ்.ஸை எப்போது பிடிக்க வேண்டும்? 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவு, சம்பளம் கொடுக்கும்போது என்கிறது. காண்டிராக்டருக்கும் ஆடிட்டருக்கும் பணம் தரும்போது வரும் டி.டி.எஸ். இப்படி அல்ல, அங்கே கணக்கில் வரவு வைத்தாலே பிடித்தாக வேண்டும். சம்பளத்துக்கு மட்டும் இந்தச் சலுகை.

அப்படியானால் நம் மேலாளரின் நவம்பர்ச் சம்பளம் டிசம்பர் 5-இல் போகிறது. பிடித்த நாளும் டிசம்பர் 5. பிடித்த மாதத்துக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிதான் கெடு என்பதால் ஜனவரி 7 வரை நேரம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான கணக்காளர்கள் டிசம்பர் 7-லேயே கட்டிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் பேரேட்டில் ‘கட்ட வேண்டிய டி.டி.எஸ்.’ என்று எழுதிவிட்ட பிறகு அதைத் தொங்கவிட அவர்களுக்கு மனசு வருவதில்லை. அதில் தவறும் இல்லை.

வம்பு எங்கே வருகிறது என்றால், காலாண்டுப் படிவம் நிரப்பும்போது. அவசரத்தில் பிடித்த தேதி என்ற இடத்தில் பதிவுத் தேதியான 30.11.2024-ஐப் போட்டுவிட்டு, பணத்தை டிசம்பர் 9-இல் கட்டியிருந்தால் கணினி அதைத் தாமதம் என்று எடுத்துக்கொள்ளும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்ததற்கு வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். நவம்பரில் ஒரு நாள், டிசம்பரில் சில நாள் என்று இரண்டு மாதக் கணக்கு எழும். 3 சதவீதம் கேட்டு நோட்டீஸ் வரும். இரண்டு நாள் பிந்தியதற்கு இரண்டு மாத வட்டியா என்று வியப்பவர்கள் முதலில் அந்தத் தேதிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் கெடு ஏப்ரல் 30.

பதிவு போடாவிட்டால்

இவ்வளவு எதற்கு, பணம் போகும்போது செலவு எழுதினால் போதாதா என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. “சார், எப்படி எழுதினாலும் வருஷக் கடைசியில் எல்லாம் ஒண்ணுதானே?” என்பார்கள். நவம்பர் மாதத்தை அப்படியே எழுதிப் பார்ப்போம். டிசம்பர் 5-இல் சம்பளச் செலவு 4,90,542. பிறகு டி.டி.எஸ். 5,958. அதன் பிறகு பி.எஃப். செலவு என்று 85,000, இ.எஸ்.ஐ. செலவு 14,400. கூட்டினால் 5,95,900.

சரியான செலவு 6,05,900 என்று மேலே பார்த்தோம். பத்தாயிரம் எங்கே போனது? தீபாவளி முன்பணம்தான். பிடித்துக்கொண்ட பணத்தைப் பற்றி இந்த எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை. செலவு பத்தாயிரம் குறைந்துவிட்டது. பத்துத் தொழிலாளர்களும் இன்னும் பத்தாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகப் பேரேடு சொல்கிறது. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, அடைத்து முடித்த முன்பணத்தை அவருடைய கடைசிக் கணக்கில் மறுபடியும் பிடிப்பார்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

இன்னொரு கோளாறு அதைவிட மோசம். பி.எஃப். செலவு 85,000 என்று எழுதியதில் 40,800 கம்பெனியின் செலவே அல்ல. அது தொழிலாளர்களின் சம்பளம். சம்பளச் செலவு குறைந்தும் பி.எஃப். செலவு இரட்டிப்பாகியும் நிற்கும். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் யாருடைய பணம் எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு அந்தப் பேரேட்டில் பதில் கிடைக்காது. சட்டம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

முதலாளியின் பங்கைத் தாமதமாகக் கட்டினாலும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் 43பி பிரிவின்படி அந்த ஆண்டே செலவாகக் கழித்துக்கொள்ளலாம். தொழிலாளர் பங்குக்கு அந்தச் சலுகை உண்டா என்று உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 2022 அக்டோபர் 12-ஆம் தேதி செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் கேள்விக்கு முடிவு சொன்னது. தொழிலாளியிடம் பிடித்த பணம் முதலாளியின் பணம் அல்ல. அவர் அதை வைத்திருப்பது பொறுப்பாளராக மட்டுமே. பி.எஃப். சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சொல்லும் கெடு தாண்டினால், அந்தத் தொகை முதலாளியின் வருமானமாகக் கருதப்படும். பிறகு கட்டினாலும் கழிவு கிடைக்காது.

நம் நிறுவனம் நவம்பர்ப் பணத்தை டிசம்பர் 20-இல் கட்டியிருந்தால்? தொழிலாளர் பங்கு 40,800-ம் 2,700-ம் சேர்ந்து 43,500. கம்பெனி வரி செஸ்ஸோடு 26 சதவீதம் என்றால் 11,310 ரூபாய் கூடுதல் வரி. சில நாள் தாமதத்துக்கு இது, பி.எஃப். அலுவலகம் கேட்கும் 12 சதவீத ஆண்டு வட்டியும் அபராதமும் தனி. கட்டாமலே வைத்துக்கொண்டால் விவகாரம் குற்றவியல் பக்கம் திரும்பிவிடும். பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளியை நம்பிக்கை மோசடி செய்தவராகக் கருத வேண்டும் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316-ஆம் பிரிவு.

தொழிலாளர் பங்கையும் நிறுவனப் பங்கையும் ஒரே கணக்கில் போடாமல் இரண்டு பேரேட்டுக் கணக்குகளாக வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். டேலியில் இன்னொரு லெட்ஜர் திறக்க அரை நிமிடம் ஆகாது.

மிச்சம் நிற்கும் 3,500

இந்தக் கணக்குகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. சலான் கட்டிய மறுநாள் பேரேட்டைத் திறந்து பாருங்கள். நவம்பர் மாதத்துக்கான பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லை என்றால், நிற்கும் தொகையே பெரும்பாலும் காரணத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

உதாரணத்துக்கு, பி.எஃப். சலான் 85,000-க்குப் பதில் 81,500-க்குத்தான் போயிருக்கிறது. பேரேட்டில் 3,500 மிச்சம். அதில் தொழிலாளர் பங்கில் 1,680, நிறுவனப் பங்கில் 1,820. இரு பங்கும் கட்டணங்களும் சேர்ந்தால் பி.எஃப். மொத்தம் 25 சதவீதம். 3,500 எத்தனைக்கு 25 சதவீதம் என்று பார்த்தால் 14,000. ஆக ஒரே ஒரு தொழிலாளி முழுவதுமாக விட்டுப்போயிருக்கிறார்.

அவர் யார் என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். அந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார். அவருடைய யு.ஏ.என். எண்ணோடு ஆதார் இணைந்திருக்காது; ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். பதிவில் இனிஷியல் முன்னும் பின்னுமாக வேறொரு பெயர். இணையாத எண்ணை மாதாந்தரக் கோப்பு ஏற்காது என்பதால், கெடு நெருங்கும் அவசரத்தில் அவரை விட்டுவிட்டு மற்ற 23 பேருக்கும் கட்டியிருப்பார்கள். அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று நினைத்து மறந்தும் போவார்கள். ஆனால் சம்பளத்தில் 1,680 பிடித்தாகிவிட்டது. “அண்ணே, பாஸ்புக்குல எனக்கு மட்டும் ஏறவே இல்லையே” என்று அவர் போனை நீட்டிக் கேட்கும் வரை பேரேட்டில் அந்த 3,500 மாதாமாதம் வளர்ந்துகொண்டே இருக்கும். கணக்கு எழுதுபவர் டிசம்பர் 14-லேயே பார்த்திருந்தால், பெயரைத் திருத்த ஆதார் மையத்துக்கு அவரை அன்றே அனுப்பியிருக்கலாம்.

மிச்சம் பற்றுப் பக்கம் நின்றால் வேறு கதை: பதிவில் போடாத ஒன்றைச் சலானில் கட்டியிருக்கிறார்கள். தாமத வட்டி, பழைய மாத நிலுவை, அல்லது மாதக் கடைசிக்குப் பிறகு பட்டியலில் சேர்த்த ஒரு நாள் சம்பளம். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வட்டியாக இருந்தால் அதை பி.எஃப். செலவில் கலக்காமல் தனியே எழுத வேண்டும்.

25-ஆம் தேதியோடு நின்றுபோகும் வருகைப் பதிவேடு

பல பட்டறைகளில் வருகைக் கணக்கை 25-ஆம் தேதியோடு முடித்துக்கொள்வார்கள். மாதச் சம்பளத்துக்கு அதனால் பாதகமில்லை. ஓவர்டைம்தான் சிக்கல். நவம்பர் 26 முதல் 30 வரை பார்த்த ஓவர்டைம் டிசம்பர்ச் சம்பளத்தோடுதான் கைக்குப் போகும். ஆனால் உழைப்பு நவம்பருடையது. எனவே ஒரு மதிப்பீட்டுப் பதிவு வேண்டும். டைம் ஆபீஸில் கேட்டதில் ஏறத்தாழ 24,000 ரூபாய் என்கிறார்கள். ஓவர்டைமுக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. உண்டு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 780.

30.11.2024
ஓவர்டைம் செலவு – பற்று 24,000
இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு – பற்று 780
கொடுபட வேண்டிய ஓவர்டைம் (மதிப்பீடு) – வரவு 24,780

தொழிலாளர் பங்கான 0.75 சதவீதத்தை இங்கே எழுதுவதில்லை. அது 24,000-க்குள் இருக்கிறது; டிசம்பர்ப் பட்டியலில் பிடிக்கும்போது தானாகப் பிரியும். மதிப்பீட்டை ‘கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ.’ கணக்கில் கொண்டுபோய்ப் போடக் கூடாது என்பதும் முக்கியம். போட்டால் 15-ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வராது. மேலே சொன்ன சோதனை பயனற்றுப் போகும். டிசம்பர் 1-ஆம் தேதி இந்தப் பதிவை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டால், டிசம்பர்ப் பட்டியலில் முழு ஓவர்டைமும் வரும்போது நவம்பரின் பங்கு இரண்டு தடவை செலவாகாது. இடையில் வரும் மாதங்களில் இவ்வளவு சிறிய தொகைக்காக இதைச் செய்யாமல் விட்டாலும் குடிமுழுகாது. மார்ச்சில் விடக் கூடாது.

மார்ச் வேறு வகையிலும் கவனம் கேட்கும் மாதம். 2025 மார்ச்சுக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. கெடு ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் 12-ஆம் தேதி இரண்டாம் சனி, 13 ஞாயிறு, 14 சித்திரை முதல் நாள். மூன்று நாள் வங்கி கிடையாது. 15-ஆம் தேதி காலையில் சலானைத் தொடங்கி, இணையதளம் மாலை வரை திறக்காமல் போனால் பணம் 16-ஆம் தேதிதான் போகும். ஆடிட்டர் நிரப்பும் வரித் தணிக்கைப் படிவம் 3சிடியில் 20(பி) என்று ஒரு இடம் இருக்கிறது: தொழிலாளரிடம் எவ்வளவு பிடிக்கப்பட்டது, கெடு எது, உண்மையில் எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று மாதம் மாதமாக அங்கே எழுத வேண்டும். ஏன் தாமதம் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமையே சலான் போட்டவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.